ஒரே நம்பர் இரண்டு பேருக்கு: இறுதியாண்டு அறிக்கையில் ஒரு வடிவமைப்பு முடிவை எழுதும் விதம்

"தம்பி, இரண்டு பேர் ஒரே செக்கனில பட்டனை அமத்தினா என்ன நடக்கும்?"

"அப்பிடி நடக்காது, சேர்."

முன்பதிவு, டிக்கெட், சனலிங் என்று எதைச் செய்த குழுவாக இருந்தாலும் வைவாவில் இந்த இடம் வரும்போது அறை கொஞ்சம் அமைதியாகிவிடும். இதில் வேடிக்கை, பல தடவை அந்தக் குழு இதை யோசித்தே இருக்கும். ஒரு இரவு முழுக்க விழித்திருந்து திருத்தியும் இருக்கும். ஆனால் திருத்தியவர் ஓரத்தில் இருப்பார். பதில் சொல்ல எழும்பியவர் முகப்புப் பக்கம் செய்தவர். அறிக்கையைப் புரட்டினால் மைஎஸ்க்யூஎல் என்றால் என்ன என்று மூன்று பக்கம் கிடக்கும். அந்த இரவைப் பற்றி ஒரு வரி இருக்காது.

நான் யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலை செய்கிறவன். அறிக்கை கட்டக் கொடுக்கும் காலம் வந்தால் தெரிந்த பிள்ளைகள் வரைவைக் கொண்டுவந்து "ஒருக்காப் பாருங்கோ அண்ணா" என்பார்கள். பார்க்கிற வரைவுகளில் திரும்பத் திரும்ப விடுபடுவது இதுதான்: என்ன செய்தோம் என்று இருக்கும், ஏன் அப்படிச் செய்தோம் என்று இருக்காது. ஆகவே இங்கே ஒரேயொரு முடிவை மட்டும் எடுத்து, அது எடுக்கப்பட்ட நாளில் இருந்து அறிக்கையின் கடைசி அத்தியாயம் வரை எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன்.

உதாரணத்துக்கு, திருநெல்வேலிப் பக்கம் உள்ள ஒரு சிறிய கிளினிக்குக்கு சனலிங் மென்பொருள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டொக்டர் பின்னேரம் 4.30க்கு வருவார். ஒவ்வொரு டொக்டருக்கும், ஒவ்வொரு நாளும், நம்பர் 1இல் இருந்து தொடங்க வேண்டும். இப்போது அங்கே ஒரு பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு கொப்பியில் நம்பர் எழுதுகிறாள். நீங்கள் அந்தக் கொப்பியை இணையத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். மூன்று பேர் கொண்ட குழு, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்.

முதலில், எது முடிவு என்று பிரித்தெடுங்கள்

செய்த எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு கேள்விகள்தான். புத்தியுள்ள இன்னொருவர் இதை வேறு விதமாகச் செய்திருக்கலாமா? பிறகு மாற்றப் போனால் வலிக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது முடிவு. பட்டனின் நிறம் அல்ல. நம்பரை எப்படி ஒதுக்குவது, எஸ்எம்எஸ்ஸை எப்போது அனுப்புவது, நோயாளிக்குக் கணக்குத் தேவையா அல்லது தொலைபேசி இலக்கமே போதுமா, இவை முடிவுகள். இந்த அளவு செயற்றிட்டத்தில் ஐந்தாறு தேறும். பதினைந்து வந்தால் நீங்கள் சில்லறையையும் எண்ணிவிட்டீர்கள்.

மைஎஸ்க்யூஎல்லைத் தேர்ந்ததும் ஒரு முடிவுதான். ஆனால் "வேகமானது, பிரபலமானது, இலவசமானது" என்று எழுதாதீர்கள். போஸ்ட்கிரெஸுக்கும் அதே மூன்று சொல்லையும் எழுதலாமே. கிளினிக் ஏற்கெனவே பணம் கட்டி வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் மைஎஸ்க்யூஎல் மட்டும்தான் இருந்தது என்றால் அதையே எழுதுங்கள். மூன்று பேருக்கும் அதுதான் தெரியும் என்பதும் ஒரு காரணம்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முடிவெடுத்த அன்றே ஒரு பக்கம்

மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருளாளர் 2011இல் இதற்கு ஒரு சிறிய படிவத்தை முன்வைத்தார். தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என்று ஐந்தே பகுதிகள். தொழிலில் இன்றைக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். செயற்றிட்டக் கோப்புறைக்குள்ளேயே `docs/decisions/003-token-number.md` என்று ஒரு கோப்பைத் திறந்து, நிரலோடு சேர்த்துக் கொமிட் செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். ஐந்து மாதம் கழித்து, மீம்ஸுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் அதைத் தேடிப் பாருங்கள், புரியும்.

இந்தப் பக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். அறிக்கை ஆங்கிலத்தில் போவதால் இதையும் ஆங்கிலத்தில் தொடங்குபவர்கள், தெரிந்த நாலு வசனத்துக்குள் காரணத்தை அடக்கப் பார்த்து, காரணத்தையே தொலைத்துவிடுகிறார்கள். காரணத்தைத் தமிழில் பிடித்துவிட்டால் பிறகு மொழிமாற்றுவது ஒரு மணித்தியால வேலை. நம்முடைய உதாரணத்தில் அது இப்படி இருக்கும்:

*முடிவு 3: நம்பர் ஒதுக்கும் முறை.*

*நிலை: ஏற்கப்பட்டது. முடிவு 1க்குப் பதிலானது.*

*சூழல்: முன்பதிவு திறந்தவுடன் பலர் ஒரே நேரத்தில் நுழைவார்கள். இப்போது இருக்கும் நிரல் இருப்பதில் பெரிய நம்பரை வாசித்து ஒன்றைக் கூட்டுகிறது. இரண்டு பேர் ஒரே கணத்தில் வாசித்தால் இருவருக்கும் ஒரே நம்பர் கிடைக்கிறது. சோதனையில் கண்டோம்.*

*முடிவு: ஒவ்வொரு டொக்டரின் ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு நிரை வைத்து, கடைசியாகக் கொடுத்த நம்பரை அதில் பதிவோம். நம்பர் கொடுக்கும்போது அந்த நிரையைப் பூட்டுவோம். எஸ்எம்எஸ்ஸைப் பூட்டுத் திறந்த பிறகே அனுப்புவோம்.*

*விளைவுகள்: ஒரே அமர்வுக்கு வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ் தவறினால் நம்பர் இருக்கும், தகவல் போயிருக்காது. திரும்ப அனுப்ப ஒரு வழி வேண்டும்.*

அவ்வளவுதான். "முடிவு 1க்குப் பதிலானது" என்ற வரியைக் கவனியுங்கள். பிழையாகிப்போன பழைய முடிவின் கோப்பை அழிக்கவில்லை. அதன் நிலையை மட்டும் மாற்றியிருக்கிறது. முதலில் பிழையாகச் செய்தோம், இப்படிக் கண்டுபிடித்தோம், இப்படி மாற்றினோம் என்பது அறிக்கையில் நல்ல இரண்டு பக்கம்.

சரி, இதை எதையும் எழுதாமல் கடைசி மாதத்துக்கு வந்துவிட்டீர்கள். கொமிட் செய்திகள் எல்லாம் "fix", "fix2", "final new". செய்தியைத் தேடிப் பயனில்லை, நிரலைத் தேடுங்கள்:

```
git log -S"MAX(token_no)" --date=short --format="%h %ad %an %s"
```

அந்தச் சொற்கள் எந்தக் கொமிட்டில் உள்ளே வந்தன, எதில் வெளியே போயின என்று இது காட்டும். தேதியும் செய்தவர் பெயரும் கூடவே வரும். `git show` கொடுத்து அந்தக் கொமிட்டைத் திறந்து, செய்தவரைப் பக்கத்தில் இருத்தி, "அன்றைக்கு ஏன் மாற்றினாய்?" என்று கேட்டு எழுதுங்கள். நினைவு பாதிதான் வரும் என்றாலும் பாதி இருக்கிறது.

வடிவமைப்பு அத்தியாயம்: மற்ற வழிகள் எங்கே?

அந்த ஒரு பக்கத்தில் இல்லாத ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும்: கைவிட்ட வழிகள். ஒவ்வொன்றையும் ஏன் விட்டீர்கள் என்பதை உங்கள் கிளினிக்கை வைத்தே சொல்லுங்கள்.

தரவுத்தளம் தானாகக் கூட்டும் `AUTO_INCREMENT` எண்ணையே நோயாளிக்குக் கொடுத்தால் என்ன? அது முழு அட்டவணைக்கும் ஒரே ஓட்டமாக ஓடும். இரண்டு டொக்டர்களின் நோயாளிகள் அதே எண்களைப் பங்குபோடுவார்கள், நாளைக்கு 1இல் இருந்து தொடங்காது, தோற்றுப்போன பதிவு ஒன்று இடையில் ஓட்டையையும் விட்டுச் செல்லும். ஆகவே விட்டோம்.

வாசித்துக் கூட்டும் வேலையை ஒரு ட்ரான்ஸாக்ஷனுக்குள் போட்டால் போதாதா? இந்த இடத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். "ட்ரான்ஸாக்ஷன் போட்டிருக்கிறோம், ஆகவே பாதுகாப்பானது" என்று அறிக்கையில் எழுதி, வைவாவில் மாட்டிக்கொள்வார்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் சாதாரண `SELECT` எதையும் பூட்டாது. அந்தக் கணத்துப் படத்தை வாசித்துவிட்டுப் போகும். இரண்டு ட்ரான்ஸாக்ஷனும் 17ஐ வாசிக்கும், இரண்டும் 18ஐ எழுதும். ட்ரான்ஸாக்ஷன் என்றால் எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது ஒன்றும் நடக்காது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை மறிக்க வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, அமர்வும் நம்பரும் சேர்ந்து திரும்ப வரக்கூடாது என்று தரவுத்தளத்திலேயே ஒரு தனித்துவக் கட்டுப்பாடு போட்டு, மோதினால் திரும்ப முயல்வது. இதுவும் சரியான வழிதான். அப்படியிருந்தும் ஏன் இதைத் தேரவில்லை? நெரிசலில் ஒருவருக்கு எத்தனை தடவை திரும்ப முயல்வது, எப்போது கைவிடுவது என்ற கேள்விகள் வந்தன; பூட்டும் வழியில் அவை இல்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடாமல் பின்காவலாக வைத்துக்கொண்டோம். இப்படி நேர்மையாக எழுதினால், "இது மட்டும்தான் சரி" என்று அடித்துச் சொல்வதைவிட அறிக்கை பலமாக நிற்கும். கேள்வி கேட்பவருக்கும் மூன்றாவது வழி தெரியும் அல்லவா?

செயற்படுத்தல் அத்தியாயம்: எத்தனை வரி, எந்த வரி

என்னுடைய அறிக்கையில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். நிரலை எல்லாம் எடிட்டரில் இருந்து ஸ்க்ரீன்ஷொட் எடுத்து ஒட்டினேன். கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து, திரையில் பார்க்க ராசா மாதிரி இருந்தது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்த கடைக்காரர் முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "தம்பி, இது மை கொட்டினதோ?" என்றார். இருபத்தாறு பக்கம், எல்லாம் கறுப்புப் பெட்டி.

ஆகவே ஸ்க்ரீன்ஷொட் வேண்டாம். நிரலை எழுத்தாகவே ஒட்டுங்கள், சம அகல எழுத்துருவில், வெள்ளைப் பின்னணியில். ஒரு துண்டு பதினைந்து வரிக்கு மேல் போகவேண்டாம். கீழே தலைப்பில் கோப்பின் பெயரையும் கொமிட் குறியீட்டையும் போடுங்கள். முழு நிரல் பின்னிணைப்பிலும் களஞ்சியத்திலும் இருக்கட்டும். அத்தியாயத்துக்குள் வருவது முடிவு நடக்கிற இடம் மட்டும். நம்முடைய முடிவு 3 நடக்கும் இடம் இது. அமர்வு 41இல் கடைசியாகக் கொடுத்தது 17 என்று கொள்ளுங்கள்:

```sql
START TRANSACTION;
SELECT last_no FROM clinic_session
 WHERE id = 41 FOR UPDATE;        -- 17
UPDATE clinic_session
   SET last_no = 18 WHERE id = 41;
INSERT INTO token (session_id, token_no, patient_id)
VALUES (41, 18, 902);
COMMIT;
```

இதன் கீழே என்ன எழுதுவது? பலர் எழுதுவது: "முதலாம் வரியில் ட்ரான்ஸாக்ஷன் தொடங்குகிறது. இரண்டாம் வரியில் கடைசி நம்பர் எடுக்கப்படுகிறது. நான்காம் வரியில் புதுப்பிக்கப்படுகிறது." இது நிரலையே இன்னொரு தடவை வாசிப்பது. வாசிப்பவருக்கு எஸ்க்யூஎல் தெரியும்.

எழுத வேண்டியது நிரலைப் பார்த்தாலும் தெரியாததை. இப்படி: "`FOR UPDATE` அமர்வு 41இன் நிரையைப் பூட்டுகிறது, இரண்டாவது கோரிக்கை இந்த வரியிலேயே நின்று, முதலாவது `COMMIT` செய்த பிறகு 18ஐ வாசிக்கும். பூட்டுவது அமர்வின் நிரையை மட்டும் என்பதால் வேறு டொக்டருக்கு நம்பர் எடுப்பவர் காத்திருக்கத் தேவையில்லை. எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல் வேண்டுமென்றே `COMMIT`க்குப் பின் இருக்கிறது: உள்ளே வைத்தால் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் பதில் வரும்வரை பூட்டுத் திறக்காது, பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அதுவரை காத்திருப்பார்கள். (முடிவு 3)"

கடைசியில் உள்ள அந்த எண்ணை விடாதீர்கள். வடிவமைப்பு அத்தியாயத்தில் முடிவு 3, இங்கே முடிவு 3, சோதனையில் முடிவு 3, நிரலுக்குள் உள்ள கருத்துரையிலும் முடிவு 3. வாசிப்பவர் எங்கே திறந்தாலும் மற்ற மூன்று இடத்துக்கும் போகலாம்.

காத்திருப்புக்கும் ஒரு எல்லை உண்டு. இன்னோடிபியில் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம், மாற்றாவிட்டால், 50 செக்கன். அதற்குப் பிறகு பிழை வரும். அந்தப் பிழையை உங்கள் நிரல் பிடிக்கிறதா, நோயாளிக்கு என்ன காட்டுகிறது என்று ஒரு வசனம் எழுதினால் அடுத்த கேள்விக்கும் பதில் ஆயத்தம்.

சோதனை அத்தியாயம்: முன்னும் பின்னும்

"சோதித்தோம், சரியாக இயங்கியது" என்பது சான்று அல்ல. பழைய நிரலில் பிழை வந்தது, புதிய நிரலில் வரவில்லை என்று இரண்டையும் காட்டினால்தான் சான்று. பூட்டுப் போடுவதற்கு முந்தைய கொமிட்டை எடுத்து, தனித்துவக் கட்டுப்பாடு இல்லாத வெறும் தரவுத்தளத்தில் ஓட்டுங்கள். கட்டுப்பாடு இருந்தால் இரட்டிப்புக்குப் பதிலாகப் பிழைச்செய்தி வரும், படம் குழம்பிவிடும். எக்ஸாம்ப் வைத்திருப்பவர்களுக்கு அப்பாச்சியின் `bin` கோப்புறையில் `ab` என்ற கருவி கூடவே கிடைக்கிறது. 50 கோரிக்கை, ஐம்பதும் ஒரே நேரத்தில்:

```
ab -n 50 -c 50 -p body.txt -T application/x-www-form-urlencoded http://localhost/clinic/book.php
```

`body.txt`இல் படிவத்தின் புலங்களை எழுதி வையுங்கள். பிறகு தரவுத்தளத்தைக் கேளுங்கள்:

```sql
SELECT session_id, token_no, COUNT(*)
FROM token
GROUP BY session_id, token_no
HAVING COUNT(*) > 1;
```

ஒரு நிரையாவது வந்தால் ஒரே நம்பர் இரண்டு பேருக்குப் போயிருக்கிறது. இது வாய்ப்பைப் பொறுத்தது, ஒரு ஓட்டத்தில் வராமலும் போகலாம். ஆகவே ஒவ்வொரு தடவையும் அட்டவணையை வெறுமையாக்கி, பத்துத் தடவை ஓட்டி, எத்தனை ஓட்டத்தில் இரட்டிப்பு வந்தது என்று எழுதுங்கள். அப்புறம் புதிய நிரலை அதே மாதிரிப் பத்துத் தடவை.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, `php -S` கொடுத்துத் தொடங்கும் சேர்வர். அது சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கவனிக்கும். அதில் ஓட்டினால் பழைய நிரலிலும் இரட்டிப்பு வராது; "எங்களுக்குப் பிரச்சினையே இல்லை" என்று நம்பிவிடுவீர்கள். அப்பாச்சியில் ஓட்டுங்கள், எதில் ஓட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மற்றது, `ab` கடைசியில் சில கோரிக்கைகள் தோற்றன என்று காட்டும். பக்கத்தில் "Length" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முதல் பதிலின் நீளத்தோடு மற்றவற்றை அது ஒப்பிடுகிறது. "நம்பர் 9" என்ற பதிலைவிட "நம்பர் 10" ஒரு எழுத்து நீளம், அவ்வளவுதான். இந்த விளக்கம் இல்லாமல் அந்த வெளியீட்டை அப்படியே ஒட்டினால், தோல்வி என்ற சொல்லைக் கண்டவர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

கட்டக் கொடுக்குமுன்

அறிக்கையில் உள்ள நிரலும் களஞ்சியத்தில் உள்ள நிரலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிக் கிழமையில் யாரோ ஒரு சின்னத் திருத்தம் செய்திருப்பார். அறிக்கையில் பழைய வரிதான் இருக்கும். அச்சுக்குப் போகும் அன்று ஒரு குறி போடுங்கள்:

```
git tag -a report-v1 -m "printed report"
git push origin report-v1
```

குறியின் பெயரை அறிக்கையின் பின்னிணைப்பில் எழுதுங்கள். அதன் பிறகு நிரலை எவ்வளவு மாற்றினாலும் அறிக்கை எந்த நிரலைப் பேசுகிறது என்பதில் குழப்பம் வராது. ஒவ்வொரு துண்டையும் இந்தக் குறியோடு ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்கள். அது அரை மணித்தியால வேலை.

பிறகு, மட்டுப்பாடுகள் பகுதிக்கு ஒரு வரி. பலர் அங்கே "நேரம் போதவில்லை, கைப்பேசிச் செயலி செய்யவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். முடிவு 3ஐ எடுத்ததால் வந்த குறை அதற்குள் கிடக்கிறது: நம்பர் 12ஐ எடுத்தவர் ரத்துச் செய்தால் 13 கீழே இறங்காது. ஏற்கெனவே எஸ்எம்எஸ் போய்விட்ட நம்பரை மாற்ற முடியாது என்பதால் அப்படி விட்டோம். எனவே பின்னேரம் கிளினிக்கில் அந்தப் பிள்ளை "பன்னிரண்டு, பன்னிரண்டு" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதின்மூன்றை உள்ளே விடுவாள்.